வலைக்கடையின் இலாபம் 19 இலட்சமா, 12 இலட்சமா, 2 இலட்சமா? விலைவாசி ஏறிய வருடத்தின் கணக்கைத் திருத்திப் பார்க்கும் முறை

திருகோணமலையில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். 2022ஆம் ஆண்டுக் கணக்கை முடித்துக் கொடுத்தபோது, மீன்பிடி வலை விற்கும் முதலாளி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "தம்பி, கொப்பியில இவ்வளவு லாபம் எண்டு நிக்குது. ஆனா கடையில வலை குறைஞ்சு போச்சே. அப்ப லாபம் எங்க?"

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. வாங்கிய அன்று கொடுத்த விலையிலேயே எல்லாவற்றையும் பதிந்து வைக்கும் வரலாற்றுக் கிரய முறையில்தான் பிரச்சினை இருந்தது. அந்தக் கணக்கை எப்படித் திருத்திப் பார்ப்பது என்பதை ஒரு வலைக்கடையை வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன். இந்தக் கடை யாருடைய கடையும் அல்ல. கணக்குப் புரியும்படி முழு எண்களாக நானே அமைத்துக்கொண்ட உதாரணம்.

கடையின் நிலைமை

2022 ஜனவரி முதலாம் திகதி கடையில் 100 நைலோன் வலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அந்த நாட்களில் 21,000 ரூபாய்க்கு வாங்கியவை. ஆக, இருப்பு 21 இலட்சம். கையிலும் வங்கியிலும் காசு 4 இலட்சம். 2018 தொடக்கத்தில் 20 இலட்சத்துக்கு வாங்கிய சிறிய லொறி ஒன்று உண்டு. அதன் ஆயுள் பத்து வருடம் என்று வைத்து வருடத்துக்கு 2 இலட்சம் பெறுமானத் தேய்வு கழித்து வந்ததால், கொப்பியில் இப்போது 12 இலட்சமாக நிற்கிறது. வங்கிக் கடன் 10 இலட்சம். முதலாளியின் மூலதனம் 27 இலட்சம்.

அந்த வருடத்தில் 100 வலைகள் விற்றன. தொடக்கத்தில் மலிவாகவும் கடைசியில் விலை கூடியும் விற்றதில் சராசரி 49,000 ரூபாய், மொத்தம் 49 இலட்சம். புதிதாக வாங்கியது 80 வலைகள், சராசரி 35,000 ரூபாய் வீதம் 28 இலட்சம். கடை வாடகை, சம்பளம், மின்சாரம், வங்கி வட்டி எல்லாம் சேர்த்து 7 இலட்சம். எல்லாம் கைக்காசு வியாபாரம், முதலாளி வருட முடிவு வரை எதுவும் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் வந்தது முதலில் விற்கும் என்ற முறைப்படி, விற்ற 100 வலைகளும் பழைய 21,000 ரூபாய் வலைகள். ஆகவே விற்பனைக் கிரயம் 21 இலட்சம். 49 இலிருந்து 21, 7, பெறுமானத் தேய்வு 2 ஆகியவற்றைக் கழித்தால் இலாபம் 19 இலட்சம். வங்கிக்கும் வரித் திணைக்களத்துக்கும் போவது இந்த எண்தான்.

இப்போது காசைப் பாருங்கள். தொடக்கத்தில் 4, விற்பனையால் 49, கொள்வனவுக்கு 28, செலவுக்கு 7. மீதி 18 இலட்சம். முதலாளி தன் இலாபம் 19 இலட்சத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போக நினைத்தால் கடையில் அவ்வளவு காசே இல்லை. அதோடு அலுமாரியில் 100 வலைகள் இருந்த இடத்தில் 80 தான் இருக்கின்றன. வருட முடிவில் வலையின் விலை 42,000. குறையும் 20 வலைகளை வாங்கி வைக்கவே 8,40,000 ரூபாய் வேண்டும்.

எங்கே கோணல் வந்தது

வருமானப் பக்கத்தில் இருப்பது 2022இன் ரூபாய். செலவுப் பக்கத்தில் வலைக்கு வைத்தது 2021 இறுதியின் ரூபாய், லொறிக்கு வைத்தது 2018இன் ரூபாய். பெயர் ஒன்றுதான், வாங்கும் சக்தி வேறு வேறு. முழத்தில் அளந்த துணியிலிருந்து மீற்றரில் அளந்த துணியைக் கழித்தால் வரும் விடைக்கு என்ன பொருள் இருக்குமோ, 19 இலட்சத்துக்கும் அதே பொருள்தான்.

விலைவாசி மெதுவாக ஏறும் காலத்தில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. 2020 டிசம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி வருடப் பணவீக்கம் 4.2 வீதம். 2022 செப்டெம்பரில் அது 69.8 வீதம். அந்த வேகத்தில் இரண்டு பொருட்கள் கணக்கைக் கெடுக்கின்றன: வாங்கி நெடுநாள் வைத்திருந்து விற்கும் சரக்கு, வாங்கி நெடுநாள் பாவிக்கும் சொத்து. வலைக்கடையில் இரண்டும் உண்டு. காலையில் வாங்கி மாலையில் விற்றுவிடும் மரக்கறிக் கடையில் சரக்கால் வரும் கோணல் மிகக் குறைவு. சரக்கு எத்தனை மாதம் கடையில் தங்குகிறது என்பதைப் பார்த்தாலே உங்கள் இலாபம் எவ்வளவு ஊதியிருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

முதல் படி: சுட்டெண்ணை எடுப்பது

பொது விலைமட்டத் திருத்தம் செய்ய வேண்டியது ஒன்றே: எல்லாத் தொகைகளையும் ஒரே நாளின் ரூபாய்க்கு, அதாவது வருடக் கடைசி நாளின் ரூபாய்க்கு மாற்றுவது. சூத்திரம் இதுதான்: பழைய தொகை × (வருட இறுதிச் சுட்டெண் ÷ அந்தத் தொகை பிறந்த நாளின் சுட்டெண்).

சுட்டெண்ணைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதாமாதம் வெளியிடுகிறது. இங்கே மனக்கணக்காய்ப் போடும்படி, லொறி வாங்கியபோது 80, 2022 தொடக்கத்தில் 100, அந்த வருடச் சராசரி 140, இறுதியில் 160 என்று வைத்துக்கொள்கிறேன். (உண்மையில் 2022 டிசம்பரின் வருட ஏற்றம் 57.2 வீதம், ஆகவே இந்த எண்கள் நிஜத்துக்கு அருகில்தான் இருக்கின்றன.)

நீங்கள் உண்மையான சுட்டெண்ணை எடுக்கும்போது ஓர் இடத்தில் கவனம் வேண்டும். கொழும்புச் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 2013 ஆக இருந்தது. 2023 ஜனவரியிலிருந்து 2021 ஆக மாறியது. 2021 டிசம்பர் எண்ணைப் பழைய வரிசையிலும் 2023 டிசம்பர் எண்ணைப் புதிய வரிசையிலும் எடுத்து வகுத்தால் வரும் விடை முழுப்பிழை. இரண்டையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவந்த பிறகே வகுக்க வேண்டும்.

இரண்டாம் படி: பணமா, பணமல்லாததா என்று பிரிப்பது

முழுக் கணக்கும் இந்தப் பிரிப்பில்தான் தங்கியிருக்கிறது. எத்தனை ரூபாய் என்று முன்பே நிலைத்துவிட்டவை பணம்சார் உருப்படிகள்: கைக்காசு, வங்கி மீதி, வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன். இவற்றை வருட முடிவில் மாற்றக் கூடாது. 18 இலட்சம் காசு இருந்தால் அது 18 இலட்சம்தான்.

வலை, லொறி, மூலதனம் போன்றவை பணமல்லாத உருப்படிகள். இவற்றைத்தான் சுட்டெண்ணால் பெருக்குகிறோம்.

மூன்றாம் படி: இலாப நட்டக் கணக்கை மாற்றுவது

விற்பனை வருடம் முழுக்கப் பரவலாக நடந்தது. ஆகவே சராசரிச் சுட்டெண் 140 பொருந்தும். 49 × 160 ÷ 140 = 56 இலட்சம். செலவுகளும் அப்படியே: 7 × 160 ÷ 140 = 8 இலட்சம்.

விற்ற வலைகள் சுட்டெண் 100 இல் வாங்கியவை. 21 × 160 ÷ 100 = 33.6 இலட்சம். பெறுமானத் தேய்வை மாற்றும்போது பலர் தடுக்கி விழுவார்கள். இந்த வருடத்துச் செலவுதானே என்று சராசரிச் சுட்டெண்ணைப் போட்டுவிடுவார்கள். அந்த 2 இலட்சம் 2018இல் கொடுத்த காசின் ஒரு துண்டு. ஆகவே 2 × 160 ÷ 80 = 4 இலட்சம்.

| | கொப்பியில் | இறுதி ரூபாயில் |
|---|---|---|
| விற்பனை | 49 | 56 |
| விற்பனைக் கிரயம் | 21 | 33.6 |
| செலவு | 7 | 8 |
| பெறுமானத் தேய்வு | 2 | 4 |
| இலாபம் (இலட்சம்) | 19 | 10.4 |

நம் ஊரில் விற்பனை வருடம் முழுக்கச் சமமாக நடக்காது. வாடைக்காற்று அடங்கிக் கடல் அமைதியாகும் பங்குனி, சித்திரையை ஒட்டித்தான் வலை வாங்க ஆட்கள் வருவார்கள். அப்படியானால் வருடச் சராசரியை விட்டுவிட்டு, மாதவாரியாக விற்பனையைப் பிரித்து அந்தந்த மாதச் சுட்டெண்ணால் பெருக்குங்கள். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில்தான் டொலரின் விலை சந்தையின் போக்குக்கு விடப்பட்டு ரூபாய் சரிந்தது. இறக்குமதிச் சரக்கைப் பொறுத்தவரை பெப்ரவரிக் கொள்வனவும் மே கொள்வனவும் வேறு வேறு உலகம்.

நான்காம் படி: காசு வைத்திருந்த நட்டம், கடன்பட்டிருந்த ஆதாயம்

பணம்சார் உருப்படிகளை மாற்றக் கூடாது என்றேன். ஆனால் அவற்றை வைத்திருந்ததால் என்ன நடந்தது என்று கணக்கிட வேண்டும். விலை ஏறும்போது காசு வைத்திருப்பவர் இழக்கிறார், கடன்பட்டவர் பெறுகிறார்.

தொடக்கத்தில் காசு 4, கடன் 10. தேறிய பணநிலை 6 இலட்சம் கடன். அது விலைவாசியோடு சேர்ந்து வளர்ந்திருந்தால் 9.6 இலட்சமாகியிருக்க வேண்டும். 6 ஆகவே நின்றதால் கடைக்கு ஆதாயம் 3.6 இலட்சம். வருடத்தினூடே உள்ளே வந்த தேறிய காசு 14 இலட்சம் (49 − 28 − 7). அது சராசரியில் வந்ததால் 16 இலட்சமாகியிருக்க வேண்டும், ஆனால் 14 ஆகவே நின்றது. நட்டம் 2 இலட்சம். ஆக, தேறிய ஆதாயம் 1.6 இலட்சம்.

10.4 உடன் 1.6 ஐக் கூட்டினால் 12 இலட்சம். திருத்திய இலாபம் இதுதான்.

இந்த உதாரணத்தில் எல்லாம் கைக்காசு என்று வைத்தேன். நிஜத்தில் வலைக்கடையில் கடன் கொப்பி இல்லாமல் வியாபாரம் நடக்காது. ஒருவர் சுட்டெண் 120 இல் நிற்கும்போது 30,000 ரூபாய் வலையைக் கடனுக்கு எடுத்துப் போய், மீன் பட்டதும் நேர்மையாக வந்து, சுட்டெண் 150 இல் நிற்கும்போது 30,000 ரூபாயையும் எண்ணிக் கொடுக்கிறார். அந்த வலைக்குச் சமமான தொகை அன்று 37,500. கொப்பியில் அவர் பெயருக்கு நேரே கோடு கிழித்தாயிற்று, ஆனால் 7,500 ரூபாய் எங்கும் பதியப்படாமல் போய்விட்டது. கடன் கொடுப்பது பெருகிய கடைகளில் நான்காம் படியில் ஆதாயம் வராது, நட்டம்தான் வரும். நான் பார்த்தவரை மிகவும் வேதனையான எண் இதுதான். கடன் வாங்கியவரும் ஏமாற்றவில்லை, முதலாளியும் பிழை செய்யவில்லை.

ஐந்தாம் படி: ஐந்தொகையால் சரிபார்ப்பது

12 இலட்சம் சரியா என்று அறிய இன்னொரு வழியாகவும் வந்து பாருங்கள். தொடக்க மூலதனத்தை இறுதி ரூபாயில் எழுதினால், வலை 33.6, லொறி 24 (12 × 2), தேறிய கடன் 9.6 கழிக்க, 48 இலட்சம். இறுதியில் வலை 28 × 160 ÷ 140 = 32, லொறி 20 (10 × 2), காசு 18, கடன் 10 கழிக்க, 60 இலட்சம். வித்தியாசம் 12.

இரண்டு வழியும் ஒரே எண்ணில் வந்து சேராவிட்டால் ஏதோ ஒன்று தவறு. என் அனுபவத்தில், வித்தியாசம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இறுதிக் காசையோ கடனையோ தெரியாமல் பெருக்கியிருப்பீர்கள். மற்றது, முதலாளி இடையில் எடுத்த காசை எடுத்த மாதத்தின் சுட்டெண்ணால் மாற்ற மறந்திருப்பீர்கள்.

சரி, இந்த 12 என்ன சொல்கிறது? முதலாளி தொடக்கத்தில் கடையில் போட்டிருந்த பணத்தின் பொதுவான வாங்கும் சக்தி குறையாமல், அதற்கு மேல் 12 இலட்சம் சேர்ந்திருக்கிறது. 19 இல் மீதி 7 இலட்சம் வெறும் ரூபாய் சுருங்கியதால் தோன்றிய வீக்கம். வரி அந்த வீக்கத்துக்கும் விழுகிறது. 2023 ஜனவரியில் வந்த தனிநபர் வீதங்களில் வைத்துப் பார்த்தால், முதல் 12 இலட்சத்துக்கு விலக்கு, அடுத்த 5 இலட்சத்துக்கு 6 வீதம், அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 12 வீதம். 19 இலட்சத்துக்கு வரி 54,000 ரூபாய். 12 இலட்சத்துக்கு வரியே இல்லை.

ஆனால் வலைக்காரருக்கு 12 போதுமா?

முதலாளி என்னிடம் கேட்டது வலையைப் பற்றி, பொதுவான வாங்கும் சக்தியைப் பற்றி அல்ல. பொது விலைமட்டத் திருத்தத்தின் எல்லை இங்கேதான் இருக்கிறது. நுகர்வோர் சுட்டெண் ஒரு வீட்டின் கூடையை அளக்கிறது: அரிசி, மருந்து, போக்குவரத்து, வாடகை. நம் உதாரணத்தில் அது 100 இலிருந்து 160 ஆனபோது வலை 21,000 இலிருந்து 42,000 ஆகியது, இரண்டு மடங்கு. கடலில் இதைவிடப் பெரிய உதாரணம் உண்டு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அந்த நாளில் மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டுபவரிடம் பொதுச் சுட்டெண்ணைக் காட்டி என்ன பயன்?

இதற்குத்தான் நடைமுறைக் கிரய முறை இருக்கிறது. அதில் விற்ற ஒவ்வொரு வலைக்கும், விற்ற நேரத்தில் அதே வலையைத் திரும்ப வாங்க ஆகும் விலையைக் கிரயமாக வைக்கிறோம். சராசரி 35,000 வீதம் 100 வலைக்கு 35 இலட்சம். 2020இலிருந்து வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்ததால் பழைய லொறிகளின் விலையும் ஏறிக் கிடந்தது. அதே மாதிரி லொறியின் புது விலை அந்த வருடச் சராசரியில் 50 இலட்சம் என்று வைத்தால், தேய்வு 5 இலட்சம். இப்போது 49 இலிருந்து 35, 7, 5 ஆகியவற்றைக் கழியுங்கள். மீதி 2 இலட்சம்.

19 இலட்சம் இப்போது தெளிவாகப் பிரிகிறது. வியாபாரம் செய்து உழைத்தது 2 இலட்சம். மலிவாக வாங்கிய வலையை வைத்திருந்ததால் கிடைத்தது 14 இலட்சம். லொறியை முன்பே வாங்கியிருந்ததால் கிடைத்தது 3 இலட்சம். இந்தப் பதினேழும் பொய்க் காசு அல்ல. ஆனால் கடை இதே அளவில் தொடர வேண்டுமென்றால் அது வலையாகவும் லொறியாகவும் திரும்பப் போக வேண்டிய காசு.

எது சரியான எண் என்று என்னைக் கேட்டால், கேட்பவரைப் பொறுத்தது என்பேன். கடையை மூடி அந்தப் பணத்தை வேறு எதிலாவது போடப் போகிறவருக்கு 12 பொருந்தும். நாளைக்கும் வலைதான் விற்பேன் என்பவருக்கு 2. நான் இரண்டையும் எழுதிக் கொடுக்கிறேன். ஒரே இடத்தில் ஒன்றை மட்டும் எழுதச் சொன்னால், கடை நடத்துபவருக்கு 2 ஐத்தான் எழுதுவேன்.

கணக்கியல் உலகமும் இதே இடத்தில் நெடுநாள் இழுபட்டது. பிரித்தானியாவில் 1974இல் பொதுச் சுட்டெண் முறையில் ஒரு கணக்கியல் நியமம் வந்தது. அடுத்த வருடமே அரசு நியமித்த சாண்டிலண்ட்ஸ் குழு அதை மறுத்து நடைமுறைக் கிரயத்தைப் பரிந்துரைத்தது. அப்படி 1980இல் வந்த நியமமும் 1988இல் கைவிடப்பட்டது. பணவீக்கம் தணிந்ததும் அந்தச் சிரமத்தைப் பட யாரும் விரும்பவில்லை. ஒவ்வொரு சரக்குக்கும் திரும்ப வாங்கும் விலையைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை, அதில் ஆளுக்கு ஆள் எண் மாறும். பொதுச் சுட்டெண்ணை யாரும் போய்ச் சரிபார்க்கலாம். இன்றைக்கு சர்வதேச கணக்கியல் நியமம் 29, நம் நாட்டில் அதன் வடிவமான எல்.கே.ஏ.எஸ் 29, பொதுச் சுட்டெண் முறையையே பின்பற்றுகின்றன.

ஆனால் அது மிகை பணவீக்கப் பொருளாதாரங்களுக்கு மட்டும். அதன் முக்கிய அடையாளங்களில் ஒன்று, மூன்று வருடக் கூட்டுப் பணவீக்கம் 100 வீதத்தை நெருங்குவது அல்லது தாண்டுவது. நம் 2020, 2021, 2022 டிசம்பர் எண்களை (4.2, 12.1, 57.2) ஒன்றன் மேல் ஒன்றாகப் பெருக்கினால் ஏறக்குறைய 84 வீதம் வரும். 100 ஐ எட்டவில்லை. அதனால் 2022 கணக்குகள் பழைய முறையிலேயே எழுதப்பட்டன. நியமம் கட்டாயப்படுத்தாத, ஆனால் கணக்கு நன்றாகவே கோணிய வருடம் அது.

கடையில் இதை எப்படிச் செய்வது

முழுத் திருத்தமும் செய்ய நேரமில்லை என்றால், வலைகளை எண்ணுங்கள். ஜனவரியில் 100, டிசம்பரில் 80. குறைந்த 20 ஐ இன்றைய 42,000 ஆல் பெருக்கி 8.4 இலட்சத்தைக் காசிலிருந்து ஒதுக்குங்கள். 18 இல் மீதி 9.6. தொடக்கத்தில் இருந்த 4 ஐயும் கழித்தால் 5.6. லொறிக்கு 5 ஒதுக்கினால் மிச்சம் 60,000 ரூபாய். அது முன்னே வந்த 2 இலட்சத்தைவிட 1.4 இலட்சம் குறைவு, ஏனென்றால் அந்த 20 வலைகளையும் சராசரி விலையில் அல்லாமல் வருட இறுதி விலையில் வாங்க வேண்டியிருக்கிறது. நேரத்துக்கு வாங்காமல் தள்ளிப் போட்டதன் விலை அது.

விலை வைப்பதையும் இதே கண்ணால் பாருங்கள். வாங்கிய விலைக்கு மேல் 40 வீதம் என்ற பழைய வழக்கப்படி அந்த 100 வலைகளையும் 29,400 ரூபாய்க்கு விற்றிருந்தால், கொப்பியில் 8.4 இலட்சம் மொத்த இலாபம் நிற்கும். கையில் வரும் 29.4 இலட்சத்துக்கு 35,000 ரூபாய் வீதம் 84 வலைகள்தான் கிடைக்கும், அதுவும் வாடகையும் சம்பளமும் கொடுப்பதற்கு முன்பு. அந்த வருடம் பல கடைகளில் அலுமாரி மெலிந்தது இப்படித்தான்.

கணக்கு முடிக்கும்போது நான் வழக்கமான கூற்றுகளோடு ஒரு தனித் தாள் வைப்பேன். அதில் ஐந்து வரிகள்: கொப்பி இலாபம், இறுதி ரூபாயில் இலாபம், திரும்ப வாங்கும் விலையில் இலாபம், தொடக்க வலை எண்ணிக்கை, இறுதி வலை எண்ணிக்கை. அந்த முதலாளி தாளை வாங்கி மற்ற எதையும் பார்க்காமல் கடைசி இரண்டு வரிகளில் விரலை வைத்தார். "இதைத்தான் தம்பி நான் கேட்டனான்" என்றார்.